நாற்பது வாஷர்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும் என்று என் அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். மாப்பிள்ளை எங்கள் கடையின் விலைகளில் கை வைத்த அன்று இரண்டும் ஒன்றாகவே நடந்தன.

எங்களுடையது குழாய்ச் சாமான் கடை. பைப், வால்வு, ஆணி, திருகு, ரப்பர் வாஷர். அண்ணன் பின்னால் சரக்கறையில் இருப்பான். முன்னால் கல்லாவில் பதினான்கு வருஷமாக நான். பிளம்பர்களிடம் விலை சொல்வதும், அவர்களிடம் திட்டு வாங்குவதும், திருப்பிக் கொடுப்பதும் என் பாடு. எனக்கு அது பிடித்த பாடு.

மாப்பிள்ளை அண்ணன் மகளைக் கட்டியவர். பெரிய துணிக்கடையில் ஏழு வருஷம் மேனேஜராக இருந்துவிட்டு, "மாமா, உங்க கடையைத் தூக்கி நிறுத்துறேன்" என்று வந்தார். விழுந்து கிடந்தால்தானே தூக்க வேண்டும்? ஆனால் அண்ணனுக்கு மாப்பிள்ளை வாயைத் திறந்தாலே வேதவாக்கு.

"அத்தை, இனிமே சில்லறைத் தொல்லையே கிடையாது" என்றார் மாப்பிள்ளை. "நூறுக்குக் கீழ இருக்கிற ஒவ்வொரு பொருளும் அடுத்த அஞ்சுக்கு ஏறிடும். பன்னெண்டு பதினஞ்சாகும், நாப்பத்தொண்ணு நாப்பத்தஞ்சாகும். நூறுக்கு மேல இருந்தா அடுத்த தொண்ணூத்தொம்பது. அது கண்ணுக்குக் கம்மியாத் தெரியும்."

"யார் கண்ணுக்கு?"

"கஸ்டமர் கண்ணுக்கு."

"நம்ம கஸ்டமர் பிளம்பருங்க மாப்பிள்ளை. முந்நூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னா நானூறுன்னு அவங்களுக்குத் தெரியாதா? அவங்க காதுல பூ சுத்தப் போறீங்களா?"

அவர் சிரித்தார். நான் விடவில்லை. இரண்டு குழாய்களை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒன்று மட்ட ரகம், முந்நூற்றுப் பத்து. இன்னொன்று நல்ல பித்தளை, முந்நூற்று எண்பத்தைந்து. "உங்க கணக்குல ரெண்டும் முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது. இனிமே இந்த மட்டத்தை எவன் தொடுவான்? நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் மாட்டிக்கிறீங்களா?"

"அத்தைக்கு எப்பவும் தமாஷ்தான்" என்று சொல்லிவிட்டு அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். அரை மணி நேரத்தில் ஆயிரத்தெண்ணூறு பொருள்களுக்கும் விலை மாறியது. யாரும் திருத்த முடியாதபடி பூட்டும் போட்டாயிற்று. அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே சரக்கறைக்குள் நழுவினான்.

மறுநாள் சொட்டு அண்ணன் வந்தார். எந்தக் குழாயின் சொட்டையும் நிறுத்திவிடுவார் என்பதால் அந்தப் பெயர். நான் சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து எங்கள் கடைக்கு வருகிறவர்.

"நாப்பது வாஷர் கொடும்மா. ஒரு ஹாஸ்டல் வேலை. ஒரு குழாய்க்கு இவ்வளவுன்னு சாமானோட சேர்த்துப் பேசிட்டேன்."

வாஷர் இரண்டு ரூபாய். நாற்பதுக்கு எண்பது. நான் எண்ணைத் தட்டினேன். திரையில் இருநூறு வந்தது. ஒரு வாஷர் ஐந்தாகிவிட்டதே! மொத்த பில்லை ஏற்றியிருந்தால்கூட எண்பது எண்பதாகவே நின்றிருக்கும். மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் தனித்தனியாக அல்லவா ஏற்றியிருக்கிறார். துணிக்கடையில் ஒரு ஆள் ஒரு சட்டை வாங்குவான். இங்கே ஒரு ஆள் நாற்பது வாஷர் வாங்குவான். இந்த வித்தியாசம் அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

மனக்கணக்கு போடத் தெரிந்தவர் சொட்டு அண்ணன். திரையை எட்டிப் பார்த்தவர் முகம் தொங்கிவிட்டது. "என்னம்மா இது? எனக்கு மிஞ்சுறதே நூத்தி சொச்சம்தான்."

என் வாயால் அந்த இருநூறைச் சொல்ல மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன். விலையைத்தான் பூட்டியிருந்தார்கள். புதுச் சரக்கு வந்தால் அதைச் சேர்ப்பது என் வேலை, அதற்குப் பூட்டு இல்லை. சேர்த்தேன். 'வாஷர், ஐந்து கொண்ட பை, விலை பத்து.' பத்து ஐந்தால் வகுபடாமல் போய்விடுமா என்ன? கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது. எட்டுப் பை, எண்பது ரூபாய்.

அன்று மத்தியானமே திருகுக்குப் பை, கிளிப்புக்குப் பை, நட்டுக்குப் பை. பத்து நாள் ராஜ்ஜியம் என்னுடையதுதான். உட்கார்ந்து பை கட்டிக் கட்டி விரல் காய்த்தது, மனசு குளிர்ந்தது.

பதினோராம் நாள் மாப்பிள்ளை கையில் ஒரு தாளோடு வந்தார். "அத்தை, ஒத்த வாஷர் ஒண்ணுகூட விக்கலை. ஆனா நாம வாங்காத புதுச் சரக்கு இருபத்தாறு ஐட்டம் ஓடியிருக்கு."

"நல்லா ஓடுதுல்ல?"

அவருக்கு முகம் கறுத்தது. என் கண் முன்னாலேயே இருபத்தாறையும் அழித்தார். அண்ணனைக் கூப்பிட்டார். அந்த நேரம் பார்த்து சொட்டு அண்ணனும் உள்ளே வந்தார், ஹாஸ்டலின் மாடிக்கு இன்னொரு நாற்பது வாஷர் வாங்க.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மெஷின் காட்டுற விலையைச் சொல்லு. இல்லைன்னா எழுந்திரு. நான் வேற ஆளை உக்கார வெச்சுக்கிறேன்."

பதினான்கு வருஷம்! காய்ச்சலோடு வந்து உட்கார்ந்த நாள் எத்தனை! வேறு ஆளாம். அழுதுவிடுவேனோ என்று பயந்தேன், அழவில்லை. எழுந்தேன்.

"வேற ஆள் எதுக்கு? நீயே உக்காரு அண்ணா. நீ வெச்ச விலையை நீயே சொல்லு."

அவன் தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். வருஷக்கணக்காக அவன் அந்தப் பக்கமே வந்ததில்லை. நான் மேஜையைச் சுற்றி வெளியே வந்து சொட்டு அண்ணனுக்கு முன்னால் நின்றேன்.

"அண்ணே, நான் முன்னாடி. ஒரு வாஷர் குடு அண்ணா. நம்ம வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுது."

"எடுத்துட்டுப் போயேன்."

"ஓசியில வேண்டாம். என்ன விலை?"

"அஞ்சு ரூபா அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"உங்களைக் கேக்கலை மாப்பிள்ளை. கல்லாவுல உக்காந்திருக்கிறவனைக் கேட்டேன். அண்ணா, என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

அண்ணன் வாஷரைக் கையில் எடுத்தான். திருப்பிப் பார்த்தான். என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் நின்ற சொட்டு அண்ணனைப் பார்த்தான். அவருடைய கையில் நாலாக மடித்த நூறு ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. கடைசியில் அண்ணன் வாஷரை மேஜையில் வைத்தான்.

"ரெண்டு."

"மாமா!" என்றார் மாப்பிள்ளை.

"எனக்குச் சரியாக் கேக்கலை" என்றேன். கேட்டது. இன்னொரு தரம் கேட்க ஆசையாக இருந்தது.

"ரெண்டு ரூபாடி! போதுமா?" என்று கத்தினான் அண்ணன்.

"போதாது. மெஷின் அஞ்சுன்னு காட்டுது, நாளைக்கு என்னைத் திருடிம்பீங்க. மின்சாரம் போனா எழுதுற பில் புக்கை எடு. உன் கையால எழுது, கையெழுத்துப் போடு."

எழுதினான். எழுத்து கோணியது, ஆனாலும் கையெழுத்துப் போட்டான். நான் இரண்டு ரூபாய் நாணயத்தை மேஜையில் டங்கென்று வைத்து பில்லை வாங்கினேன். மாப்பிள்ளை, "அப்ப நான் போட்ட கணக்கு?" என்றார்.

"ஒரே விலை போட்ட அந்தக் குழாய் ரெண்டையும் என்ன பண்றதுன்னு யோசிங்க. மட்டம் ஒண்ணுகூடப் போகலை" என்றான் அண்ணன் அவரைப் பார்க்காமலே. நான் இதை எதிர்பார்க்கவில்லை. சரக்கறையில் இருந்துகொண்டு எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான் படுபாவி.

நான் மேஜையைச் சுற்றி உள்ளே போனேன்.

"எழுந்திரு அண்ணா."

எழுந்தான். நான் உட்கார்ந்தேன். அவன் கையெழுத்துப் போட்ட பில்லைத் திரையின் மேலேயே, எல்லாருக்கும் தெரியும்படி ஒட்டினேன். பில் புக்கில் அடுத்த தாளைப் புரட்டினேன்.

"உங்களுக்கு எத்தனை அண்ணே?"

"நாப்பதும்மா" என்றார் சொட்டு அண்ணன்.

"எண்பது ரூபா" என்றேன், தெரு முனை வரை கேட்கும்படி.