ஆறாம் வகுப்பு 'அ' பிரிவின் முதல் பெஞ்சு

வகுப்பில் உட்கார்ந்து பாடம் கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு சிறுமியை, பள்ளிக்கு வரவில்லை என்று அவளுடைய அம்மாவுக்கே நான் மூன்று முறை போன் செய்து சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரே மாதத்தில். எப்படி என்று எனக்கே விளங்கவில்லை.

மூன்றாவது முறை அந்த அம்மா போனை வைத்துவிட்டு நேராகப் பள்ளிக்கே வந்துவிட்டார். தையல்கடை வைத்திருப்பவர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வரும் வழியில் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

"ஏம்மா, எம்பொண்ணு முதல் பெஞ்சுல நிமிந்து உக்காந்திருக்கா. உங்களுக்கு மட்டும் எப்படிக் கண்ணுல படாம போறா?"

"மன்னிச்சுக்குங்கம்மா. வருகைத்தாள்ல வரலைன்னுதான் இருக்கு."

"தாள்ல இருக்கா? போன தடவ உங்க போனைக் கேட்டதும் பதறிப்போய், ஒருத்தரோட சட்டைக்கு ரெண்டு கையையும் இடது கையாவே தைச்சு வெச்சிட்டேன். அவரு வந்து கேட்டா இந்தத் தாளைக் காட்டவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, அவருக்கும் வந்துவிட்டது. ஆனால் உள்ளறையில் இருந்த தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. அந்த அம்மா போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"கிளார்க்கம்மா, நாலு நோட்டு இருந்தப்ப இந்தக் கூத்து நடக்கல. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா உங்க லிஸ்ட்டை மூட்டை கட்டிட்டு பழைய நோட்டுக்கே போயிடலாம்."

அந்தப் பட்டியல் என் சொந்த யோசனை. முன்பு வருகைக்கு ஒரு நோட்டு, தாமதமாக வருபவர்களுக்கு ஒன்று, சுற்றறிக்கைக்கு ஒன்று, பெற்றோருக்குப் பேசியதற்கு ஒன்று என்று நான்கு இருந்தன. எது முடிந்தது, எது பாக்கி என்று தெரிய நான்கையும் புரட்டவேண்டும். ஒருமுறை, காய்ச்சலில் படுத்த மாணவன் வீட்டுக்கு யாருமே பேசாமல் இரண்டு நாள் ஓடிவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாதச் சோதனைக்கு அனுமதி வாங்கினேன். நாளுக்கு ஒரே தாள், வேலைக்கு ஒரு வரி, முடிந்தால் பக்கத்தில் ஒரு டிக். மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் கோப்பிலிருந்து பத்தொன்பது தாள்களையும் எடுத்து மேசைமேல் பரப்பினேன். எல்லா வேலையும் ஒரே தாளில் இருப்பதில் ஒரு வசதி உண்டு: ஒரு நாள் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். தவறான போன் போன மூன்று தாள்களை மட்டும் தனியே வைத்தேன். மூன்றிலும் வழக்கமான வரிகளோடு ஒரு வரி கூடுதலாக இருந்தது: 'சுற்றறிக்கை – எல்லா வகுப்புகளுக்கும்.'

ஆனால் அந்த வரி இன்னும் இரண்டு தாள்களிலும் இருந்தது. அந்த இரண்டு நாளும் தவறு நடக்கவில்லை. சுற்றறிக்கைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒன்று, மழை வலுத்ததால் சீக்கிரம் விடுகிறோம் என்பது. மற்றது, மாலை விளையாட்டுப் பயிற்சி ரத்து என்பது. இரண்டும் மதியத்துக்கு மேல் போனவை. ஆக, காலையில் சுற்றறிக்கை போனால்தான் அந்தச் சிறுமி தாளில் காணாமல் போகிறாள்.

எங்கள் அட்டெண்டரைக் கூப்பிட்டேன். மணி அடிப்பவர் என்பதால் பிள்ளைகளிலிருந்து ஆசிரியர்கள் வரை எல்லோருக்கும் அவர் மணியண்ணன்.

"அண்ணே, தினமும் வருகைத்தாள் வாங்க எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?"

"ஒன்பது இருபதுக்கு. ஏன், குறைஞ்சிருக்கா ஏதாவது?"

"காலையில சர்க்குலர் இருந்தா?"

"அன்னிக்கு ஒன்பதுக்கு மணி அடிச்ச கையோட கிளம்பிடுவேன். ஒவ்வொரு கிளாஸ்லயும் டீச்சர் அதைப் படிச்சுக் காட்டி, கையெழுத்துப் போடணும். பதினாலு கிளாஸ். ரெண்டு தடவ மாடி ஏறினா என் முட்டி என்னைத் திட்டும். அதான் சர்க்குலரைக் குடுத்துட்டு, வருகைத்தாளையும் அப்படியே வாங்கிட்டு வந்துடறது."

"முதல்ல எந்த கிளாஸ்?"

"படிக்கட்டுக்குப் பக்கத்துல இருக்கிறதுதான். ஆறு 'அ'."

நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். "அண்ணே, ரெண்டாவது பஸ் எப்ப உள்ள வரும்?"

"ஒன்பதுக்குள்ள வரணும், வர்றது ஒன்பது பத்து. அது எந்தக் காலத்துல நேரத்துக்கு வந்திருக்கு?" என்றவர் தலையில் தட்டிக்கொண்டார். "அடக் கடவுளே! அந்தப் பாப்பா அந்த பஸ்ல வர்ற புள்ளயாச்சே!"

முடிச்சு அங்கேதான் இருந்தது. பள்ளிப் பேருந்து தாமதமானால் அது பிள்ளைகளின் தவறு அல்ல என்பதால் அவர்கள் தாமதப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை. நேரே வகுப்புக்குப் போய்விடுவார்கள். ஆசிரியை முதலில் பென்சிலால் 'வரவில்லை' என்று குறித்து வைப்பார்; பிள்ளை வந்ததும் அழித்துத் திருத்துவார். வழக்கமான நாளில், ஒன்பது இருபதுக்குத் தாள் கைமாறும்போது திருத்தியாகிவிடும். சுற்றறிக்கை நாளிலோ ஒன்பது இரண்டுக்கே தாள் மணியண்ணன் கைக்கு வந்துவிடும். பேருந்து அப்போது தெருமுனையைக்கூடத் தொட்டிருக்காது. அதில் வருபவர்கள் ஏழே பேர். மற்ற ஆறு பேரும் மாடி வகுப்புகள். மற்ற கீழ் வகுப்புகளை முடித்துக்கொண்டு மணியண்ணன் மாடிக்கு ஏறும்போது அவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். மணியண்ணன் முதலில் போகும் வகுப்பில் மாட்டிக்கொண்டவள் தையல்கடை அம்மாவின் மகள் ஒருத்திதான்.

தாளில் 'வரவில்லை' என்றிருந்தால் வகுப்புக்கு ஆளனுப்பிச் சரிபார்க்கும் வழக்கமும் இல்லை; நேரே போன்தான். என் பட்டியலோ 'வருகைத்தாள் வாங்கியாயிற்று' என்று டிக் மட்டும் காட்டியது. எப்போது வாங்கியது என்று அது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தலைமை ஆசிரியையிடம் மூன்று தாள்களோடு போனேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப லிஸ்ட்டு மேல தப்பு இல்லங்கிறீங்க."

"தப்பு லிஸ்ட்டுலதான் மேடம். ஆனா அதைக் கண்டுபிடிச்சதும் அதே லிஸ்ட்டுதான். நாலு நோட்டா இருந்திருந்தா சர்க்குலர் ஒரு மூலையில, போன் ஒரு மூலையில கிடந்திருக்கும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கவே மாட்டேன்."

"நல்லா வக்கீல் மாதிரி பேசுறீங்க. வியாழக்கிழமை காலையில ஒரு சர்க்குலர் இருக்கு. அன்னிக்கு முதல்ல வருகைத்தாள், அப்புறம் சர்க்குலர்னு பார்த்துடலாம்."

வியாழக்கிழமை பேருந்து வழக்கத்தைவிட மோசம். ஒன்பது பதினாறுக்குத்தான் வாசலுக்குள் நுழைந்தது. மணியண்ணன் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னைக் கொண்டுபோகச் சொல்லி அது கெஞ்சுவதுபோல் தவிப்போடு உட்கார்ந்திருந்தார். ஒன்பது இருபதுக்கு அதை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பி, வருகைத்தாள்களோடு மட்டும் திரும்பினார்; பிறகு சுற்றறிக்கைக்காக இரண்டாவது முறை மாடி ஏறினார். மொத்தம் நான்கு பேர் வரவில்லை. நான்கு வீட்டுக்கும் பேசினேன். நான்கு பிள்ளைகளும் உண்மையிலேயே வீட்டில்தான் இருந்தார்கள். ஒருவனுக்குப் பல்வலி, பின்னணியில் அவன் அலறல் சாட்சி சொன்னது. ஆறு 'அ' தாளில் எல்லோரும் வந்திருந்தார்கள்.

தலைமை ஆசிரியை அன்றைய தாளை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, அடியில் கையெழுத்திட்டு, "இதையே வெச்சுக்குங்க" என்றார்.

"முட்டிக்குத்தான் டபுள் டியூட்டி" என்றார் மணியண்ணன். அதனால் மாடி வகுப்புகளின் சுற்றறிக்கையை இடைவேளைக்கு இறங்கிவரும் ஆசிரியர்கள் அலுவலகத்திலேயே படித்துக் கையெழுத்திட்டு, பிரதியை வாங்கிப்போவது என்று ஏற்பாடாயிற்று.

இப்போது பட்டியலில் டிக் இல்லை. அந்த இடத்தில் மணி எழுதுகிறோம். முதல் வரி, இரண்டாவது பேருந்து உள்ளே வந்த நேரம். அது எழுதப்பட்ட பிறகுதான், அதுவும் ஒன்பது இருபதுக்கு முன்னதாக இல்லாமல், வருகைத்தாள் வாங்கப்படும். பிறகு அதைத் தாமதப் பதிவேட்டோடு ஒப்பிடுவோம். அதற்குப் பிறகு பெற்றோருக்குப் போன். சுற்றறிக்கை கடைசி வரி.