புள்ளிக்குப் பின்னால் ஐந்து

மூன்று மணிக்கு விசாரணை. மெஷின் ஓட்டும் மீசைக்காரருக்கு வேலை போவது அநேகமாக முடிவாகிவிட்டது. அதற்கு ஆதாரமாக மேசைமேல் கிடந்த அறிக்கை, மெஷின்களின் நேரப் பதிவான லாக்கைப் பார்க்கும் அவள் எழுதியது.

அட்டைப்பெட்டி ஆலையின் மூன்றாம் நம்பர் வெட்டும் மெஷினில் மீசைக்காரரின் இரண்டு விரல்கள் வெட்டுப்பட்டு நான்கு நாளாகியிருந்தது. ஸ்டாப் பட்டனை அமுக்கிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். கதவைத் திறந்தால் தானாக நிற்கும் வசதி அந்தப் பழைய மெஷினுக்குக் கிடையாது. திறந்த நேரத்தைப் பதிவு மட்டும் செய்யும். பட்டனின் நேரத்தை ஒரு பதிவுப் பெட்டியும் கதவின் நேரத்தை இன்னொரு பதிவுப் பெட்டியும் எழுதும். இரண்டையும் சேர்த்து வரிசைப்படுத்தும் ஸ்கிரிப்ட், அந்தச் சின்ன நிரல், அவளுடையது. கதவு திறந்து 120 மில்லிசெகண்ட் கழித்துத்தான் பட்டன் அமுக்கப்பட்டது என்று அது சொன்னது. அவசரக்குடுக்கை, தப்பு அவன் மேல்தான் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள்.

வெளியே பெஞ்சில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார் அவர்.

"அக்கா, அமுக்கிட்டுத்தான் திறந்தேன். உங்க கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் சரி."

"அப்படின்னா மறுபடி பார்க்கிறேன்," என்றாள். சமாதானத்துக்குச் சொன்னதுதான். ஆனால் உட்கார்ந்ததும், முதல்முறையாக, தன் ஸ்கிரிப்ட் காட்டியதை விட்டுவிட்டு பெட்டிகள் எழுதிய மூலக் கோப்புகளையே திறந்தாள்.

பட்டன்: 14:07:31.125. கதவு: 14:07:31.5.

ஐந்தா?

புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாக எடுத்து மில்லிசெகண்ட் என்று எழுதியிருந்தாள். 125 என்றால் 125. 5 என்றால் 5. அந்த 5 அரை நொடியாக இருந்தால் கணக்கே தலைகீழ்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இன்னும் அதையே நோண்டிட்டு இருக்கியா? புள்ளிக்கு அப்புறம் அஞ்சுன்னா அஞ்சுதானே?"

"ஒன்றரை மீட்டர் துணிக்கு 1.5ன்னு எழுதிக் குடுத்தா, ஒரு மீட்டர் அஞ்சு மில்லிமீட்டரா வெட்டுவீங்களா சார்?"

"நக்கலுக்குக் குறைச்சலில்ல. அந்தப் பெட்டி 005ஐத்தான் 5ன்னு எழுதியிருந்தா?"

கேள்வி நியாயமானது. அனுமானத்தை வைத்து ஒரு தடவை எழுதியாயிற்று. இன்னொரு தடவை எழுதமாட்டாள். கதவுப் பெட்டியின் மாதக் கோப்பு முழுவதையும் அலசினாள். நாற்பத்தோராயிரம் வரிகள். புள்ளிக்குப் பின்னால் பூஜ்யத்தில் தொடங்குபவை நாலாயிரத்துக்கு மேல்: .045, .08, .007. முன்னால் உள்ள பூஜ்யத்தைப் பெட்டி விழுங்கவில்லை. பூஜ்யத்தில் முடிபவை? ஒன்றுகூட இல்லை. கடைசிப் பூஜ்யங்களைத்தான் அது வெட்டிவிடுகிறது. .5 என்பது .500.

இன்னொன்றும் கிடைத்தது. சரியாக முழு நொடியில் விழுந்த முப்பத்தொன்பது வரிகளில் புள்ளியே இல்லை. அவள் ஸ்கிரிப்ட் அவற்றைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்திருந்தது. பிழை என்று ஒரு வார்த்தை காட்டவில்லை. காட்டாதே என்று எழுதியவளும் அவள்தான்.

திருத்தினாள். மூன்று இலக்கம் வரும்வரை வலது பக்கம் பூஜ்யம். புள்ளி இல்லாவிட்டால் 000. வேறெப்படி இருந்தாலும் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நின்று கத்த வேண்டும். .5, .05, .007, வெறும் நொடி, நான்கையும் கொடுத்துச் சோதித்தாள். 500, 50, 7, 0. பிறகு அந்த நாளை ஓடவிட்டாள்.

பட்டன் 125. கதவு 500. பட்டனை அமுக்கி 375 மில்லிசெகண்ட் கழித்தே கதவு திறந்திருக்கிறது. பட்டனை அமுக்கி இருநூறு மில்லிசெகண்டுக்குள் பிளேடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. புதிய அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டபோது மேனேஜர் மறுபடி எட்டிப் பார்த்தார்.

"பிரேக்தான் சார் போயிருக்கு," என்றாள். "மூணாம் நம்பர்ல இப்ப யாரு நிக்கிறாங்க?"

மேனேஜரின் முகம் மாறியது. "புது ஆளு ஒருத்தர். இரு... விசாரணை முடியட்டும். உன் அறிக்கை தப்புன்னு நீயே எழுதணும். தெரியும்ல?"

"எழுதியாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு. நீங்க நிறுத்தச் சொல்றீங்களா, இல்ல நானே போய் நிறுத்தட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல் எழுந்தாள். மேனேஜர் போனை எடுத்து ஆலைத் தளத்துக்கு எண்களை அழுத்தினார். வராந்தாவைத் தாண்டுவதற்குள் மூன்றாம் நம்பரின் இரைச்சல் அறுந்தது.

மீசைக்காரர் தலைநிமிர்ந்தார். "என்ன அக்கா, மெஷின் நின்னுடுச்சு?"

"நீங்க சரியாத்தான் அமுக்கியிருக்கீங்க. தப்பா படிச்சது நான்."

அவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்தார்.

"நாலு நாளாச்சே அக்கா."

புதிய அறிக்கையை அவரது நல்ல கையில் கொடுத்துவிட்டு, விசாரணை அறைக் கதவைத் தட்டினாள்.