உள்ளே யார்?

சுப்ரஜா எழுதிய மூன்று குறும்படங்களில் முதலாவது வெளியான மூன்றாம் நாள் காலை, மராத்தி பேசும் நகரொன்றின் கராடிப் பகுதியில் அவள் வேலை பார்த்த விளம்பர நிறுவனத்தின் வரவேற்பறையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்திருந்தார். எழுபதை ஒட்டிய வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் துணிப்பை. தமிழ் தெரிந்தவர் யாராவது வேண்டும் என்று இந்தியில் கேட்டாராம். அதனால் அவளைக் கூப்பிட்டார்கள்.

"எம்பேரு இருதயராஜ். தாபோடில இருக்கேன். ஏம்மா, இதோட அடுத்த பாகம் எப்ப வரும்?"

அவர் நீட்டிய கைப்பேசியில் அவளுடைய படம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் பொருத்தும் புதுவகை அழைப்பு மணி ஒன்றுக்கான விளம்பரம் அது. தீபாவளிக்கு முன்னால் பொருள் கடைக்கு வரவேண்டும். அதற்கு முன் மூன்று படங்களில் ஆவலைக் கிளப்பவேண்டும். முதல் படம் பன்னிரண்டு விநாடி. நீண்ட நடைவழி, சாத்திய கதவு. யாரோ மணியை அழுத்துகிறார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "வந்துட்டியளா?" என்கிறது. உடனே திரை இருள்கிறது, "உள்ளே யார்?" என்ற எழுத்து மட்டும் நிற்கிறது. பொருளின் பெயர் இல்லை, உருவம் இல்லை. ஐந்து நாள் கழித்து இரண்டாவது: கதவின் உட்புறம், ஆளே இல்லாத வீடு, கதவோரம் சிறு நீல வெளிச்சம். மூன்றாவதில்தான் தேதியும், நீங்கள் வெளியே போயிருக்கும்போது வீட்டில் பதில் சொல்வது யார் என்ற கேள்வியும். ஒவ்வொரு படமும் முந்தியதற்குக் கொஞ்சம் விடை தரவேண்டும், அதைவிடப் பெரிய கேள்வியை விட்டுச்செல்லவேண்டும். பொருளால் செய்யமுடியாத எதையும் சொல்லிவிடக்கூடாது. அந்தக் கணக்கில் அவள் கெட்டிக்காரி.

"வர்ற திங்கக்கிழமை வரும் ஐயா. ஏன் கேக்கறீங்க?"

"படத்துக்குக் கீழ ஒங்க கம்பெனி பேரும் மூணு பாகம்னும் போட்டிருக்கே. மீதி ரெண்டுலயும் அவதான் பேசுதாளா?"

"யாரு?"

"எம்பொண்டாட்டி. பவுனு. மெட்ராஸ்ல இருக்க மவ ரீனா அனுப்பிவிட்டா. 'அப்பா, இது அம்மா பேசுதாங்க'ன்னு அழுதா." அவர் படத்தை மறுபடி ஓடவிட்டார். "ஏப்ரல் ரெண்டாந்தேதி தவறிட்டா."

அந்தக் குரலைச் சுப்ரஜாவே தேர்ந்தெடுத்திருந்தாள். படத்தொகுப்பாளன் ஹரீஷ் நாலைந்து குரல்களைப் போட்டுக்காட்டியபோது, எந்தக் குரல் கலைஞரும் இப்படி 'வந்துட்டியளா' என்று சொல்லமாட்டார், இதையே வை என்று சொன்னவள் அவள்தான். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கவில்லை.

அவரை உட்காரவைத்துவிட்டு ஹரீஷிடம் ஓடினாள்.

"கிளையன்ட் குடுத்த ஃபோல்டர்ல இருந்துச்சு," என்றான் ஹரீஷ். "மணிய சோதனை பண்றதுக்கு முப்பது வீட்டுல மாட்டியிருந்தாங்க. யாராவது அழுத்தினா பதிவாகும். நான் மாதிரிக் குரல்னு நெனச்சேன்."

"அவங்க சோதனைக்குத்தானே கையெழுத்து போட்டாங்க? விளம்பரத்துக்கு இல்லையே!"

ஹரீஷ் கோப்பைத் திறந்தான். பதிவான தேதியைச் சுப்ரஜா இருமுறை படித்தாள். ஜூன் பதினாலு, மாலை ஐந்து நாற்பது.

மணி தயாரிக்கும் கிளையன்ட் நிறுவனத்தின் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர் பதறவேயில்லை. வீட்டில் யாரும் எடுக்காவிட்டால் முன்பே பதிந்துவைத்த குரல் பதில் சொல்லும், அதுதானே இந்த மணியின் சிறப்பே, அந்த அம்மா மார்ச்சில் பதிந்துவைத்திருப்பார், ஜூனில் அதுவே ஒலித்திருக்கும் என்றார். சுப்ரஜாவுக்கு மூச்சு வந்தது.

"பதிஞ்சுவச்ச குரல் எத்தனை விநாடி?" என்று ஹரீஷ் கேட்டான்.

"ரெண்டு."

"இது ஆறு விநாடி இருக்கே."

படத்துக்காக ஹரீஷ் முதல் சொல்லை மட்டும் வெட்டி எடுத்திருந்தான். மீதியை யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை. இப்போது முழுவதையும் ஓடவிட்டான். மணிச்சத்தம். பின்னால் சோவென்று மழை. "வந்துட்டியளா?" ஒரு சின்ன இடைவெளி. பிறகு அதே குரல், இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாற்போல: "கொடைய எங்க விட்டிய?"

மறுமுனையில் பொறியாளர், சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். பிறகு சொல்லவேயில்லை.

வரவேற்பறைக்கு அவள் திரும்பியபோது அதற்குள் விஷயம் மேலாளர் வைஷாலியின் காதுக்கு எட்டியிருந்தது. வைஷாலி பெரியவருக்கு எதிரே உட்கார்ந்து இந்தியில் இதமாகப் பேசிக்கொண்டிருந்தாள். சுப்ரஜாவைத் தனியே இழுத்து, "சம்மதக் கடிதம் வாங்கிவிட்டால் போதும், மீதி இரண்டு படத்திலும் இந்தக் குரலையே வைக்கலாம். எட்டு லட்சம் பேர் பார்த்தது இந்தக் குரலால்தான்," என்றாள்.

பெரியவரும் தயாராகவே இருந்தார். "கையெழுத்துதான? எங்க வேணாலும் போடுதேன். பைசா ஒண்ணும் வேண்டாம். அவ பேசட்டும்."

சுப்ரஜா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஐயா, ஜூன் மாசம் ஒருநாள் மழைல வீட்டுக்கு வந்தீங்களா?"

அவர் அவளையே பார்த்தார். "கட்கில பஸ்ஸுல கொடைய விட்டுட்டேன். நனைஞ்சுக்கிட்டே வந்தேன். வீட்டுல யாருமில்லன்னு தெரியும், இருந்தாலும் கை தன்னால மணிய அமுக்கிரும். அன்னைக்கு அவ கேட்டா. யாருட்டயும் சொல்லல. கெழவனுக்குப் புத்தி பெரண்டு போச்சும்பாங்க." குரலைத் தாழ்த்தினார். "அப்ப நீங்களும் கேட்டியளா?"

"கேட்டேன்."

"அடுத்து என்ன சொல்லுதா?"

எட்டு லட்சம் பேரை இதே கேள்வி கேட்கவைக்கத்தான் அவள் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினாள். இப்போது கேட்பவர் முகத்தை அவளால் நேராகப் பார்க்கமுடியவில்லை.

"அடுத்தது ஒண்ணும் இல்லைங்க ஐயா. ரெண்டாவதுல ஒரு வெளிச்சம் வரும். மூணாவதுல மணி எப்ப கடைக்கு வருதுன்னு வரும். எல்லாம் நான் எழுதினது. அவங்க அதுல இல்ல."

"கொடையக் கேட்டது நீங்க எழுதலையே?"

"இல்ல."

அவர் தலையாட்டினார். துணிப்பையின் வாரைத் திருகினார். "அப்ப கடைசில மணிய விக்கத்தான் அவள கூப்பிட்டிருக்கிய," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அன்று பிற்பகல் சுப்ரஜா வைஷாலியிடம், அந்தக் குரல் இருந்தால் மீதிப் படங்களில் தன் எழுத்து இருக்காது என்று சொல்லிவிட்டாள். அனுமதியில்லாத பதிவு வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதை ஹரீஷ் எடுத்துச்சொன்னான். வைஷாலி அரைமணிநேரம் கதவைச் சாத்திக்கொண்டு கிளையன்டிடம் பேசினாள். முதல் படத்தை எடுத்துவிட்டார்கள். வேறொரு பெண்ணை வைத்துப் புதிதாகக் குரல் பதிந்து, தேதியை ஒரு வாரம் தள்ளி, மூன்றையும் முதலிலிருந்து வெளியிட்டார்கள். சுமாராகத்தான் ஓடியது. பழைய குரல் எங்கே என்று பலர் கேட்டிருந்தார்கள்.

பதிவை ஒரு பென்டிரைவில் போட்டு, நிறுவனத்தில் இருந்த பிரதிகளை அழித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் தாபோடிக்குப் போனாள். நாலாவது மாடி. சோதனை மணியை ஜூலையிலேயே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த இடத்தில் பழைய சாதா மணியே மறுபடி இருந்தது. இருதயராஜ் பென்டிரைவை இரு கையாலும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாயா போட்டுக் கொடுத்தார். பவுனின் படத்துக்கு எதிரே உட்கார்ந்து இருவரும் குடித்தார்கள்.

"அடிக்கடி கேக்காதீங்க ஐயா," என்றாள் அவள் கிளம்பும்போது.

"கேக்க மாட்டேன்மா. அது முடிஞ்ச பேச்சுல்லா," என்றபடி அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கதவை இழுத்துப் பூட்டினார். வழியனுப்பக் கீழே வருகிறார் என்று நினைத்து அவள் படியிறங்கினாள். அவர் வரவில்லை.

ஒரு மாடி இறங்கியிருப்பாள். மேலே அவர் வீட்டு மணி ஒலித்தது.

சுப்ரஜா கைப்பிடியைப் பற்றியபடி நின்றாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கீழே யாரோ மராத்தியில் காய்கறி விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். போய்விடவேண்டும் என்று நினைத்தாள். ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டு, காதை மேலே கொடுத்தபடி அங்கேயே நின்றாள்.