இரண்டு பூச்சு

வண்டி கழுவும் கொட்டகையில் அவளை எல்லாரும் 'டிகிரி' என்றுதான் கூப்பிட்டார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், அதுவும் வேதியியலில். அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று வருடம் படியேறி இறங்கிவிட்டு, கடைசியில் அப்பா ஓட்டுநராக இருக்கும் வாடகைக் கார் கம்பெனியிலேயே, பன்னிரண்டு கார்களின் உட்புறம் துடைக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

"டிகிரி, தண்ணிக்கு என்ன ஃபார்முலா?" என்று வெளிப்புறம் கழுவும் பைப்காரர் தினமும் ஒரு தடவை கேட்பார்.

"மூஞ்சில பீச்சி அடிக்கிறேன், நீங்களே படிச்சுக்கங்க" என்பாள். பைப்காரர் சிரிப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் கேட்கவில்லை. அப்பாவின் கார் அவள் முன்னால் வந்து நின்றபோது அதை ஓட்டி வந்தவர் அப்பா இல்லை.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி நர்சுகளை ஏற்றிக்கொண்டு சூரியனைப் பார்த்துப் போகிற சாலையில் அப்பா போயிருக்கிறார். தள்ளுவண்டிக்காரர் ஒருவர் குறுக்கே வந்தது கடைசி நொடிவரை தெரியவில்லை. போட்ட பிரேக்கில் வண்டி நின்றுவிட்டது, தள்ளுவண்டிக்காரரும் தப்பித்தார். ஆனால் பின்சீட்டு நர்ஸம்மா முன்சீட்டில் மோதி, புருவத்தில் ஐந்து தையல்.

"ஐம்பத்தாறு வயசு, கண்ணு போச்சு, அவ்ளோதான்" என்று சூப்பர்வைசர் முடிவு கட்டிவிட்டார். இன்று சாயங்காலத்தோடு அப்பாவின் பெயர் ஓட்டுநர் பட்டியலிலிருந்து போகிறது. அதைவிட மோசம், அப்பாவும் அதை நம்பிவிட்டதுதான். "ரெண்டு மாசமாவே வெயில் எதிர அடிச்சா எல்லாம் பாலா தெரியுதும்மா. ஸ்பீடு முள்ளுகூட மங்கலாதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சாவியை அவராகவே மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தார். நான்கு நாளாக வீட்டில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார்.

"புது டிரைவருக்குக் குடுக்கணும். பளபளன்னு பண்ணி வை" என்று சொல்லிவிட்டுப் போனார் சூப்பர்வைசர்.

கொட்டகையில் இடமில்லாததால் கார் வெட்டவெளியில் மேற்கே பார்த்து நின்றது. வழக்கமாக அவள் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து, எட்டிக் குனிந்து துடைப்பாள். ஓட்டுநர் இருக்கையில் உட்காரவே மாட்டாள், உடையில் இருக்கும் ஈரம் ஒட்டும் என்று. அன்று அப்பாவின் இடம் என்பதாலோ என்னவோ, ஏறி உட்கார்ந்தாள்.

எதிரே சாயும் வெயில். முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. வாசலில் காவல்காரர் நின்றிருந்தார். கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தால் அங்கே யாரும் இல்லை. தலையைக் கதவுக்கு வெளியே நீட்டினாள். காவல்காரர் இருந்தார். உள்ளே இழுத்தாள். இல்லை.

விரலால் கண்ணாடியின் உட்புறத்தைத் தொட்டாள். வழுக்கியது. எண்ணெய்.

மூன்று மாதத்துக்கு முன் சூப்பர்வைசர் ஒரு பெட்டி நிறைய டேஷ்போர்டு பாலிஷ் கொண்டுவந்து இறக்கினார். "ஏறி உட்கார்றவன் மூஞ்சி அதுல தெரியணும்" என்பது உத்தரவு. அடித்து, தேய்த்து, அதே துணியால் கண்ணாடியையும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவது கொட்டகை வழக்கம். அது சிலிக்கோன் எண்ணெய். அடிக்கும்போதே பாதி கண்ணாடியில் தெறிக்கும். மீதி துணியோடு போய் ஒட்டும். போதாததற்கு வெயிலில் சுடும் டேஷ்போர்டு பிளாஸ்டிக் தானாகவே ஆவி கக்கும். அதுவும் போய்ப் படியும் இடம் அந்தக் கண்ணாடிதான். நிழலில் ஒன்றும் தெரியாது. வெயில் நேராக விழுந்தால்தான் ஒளி சிதறி வெள்ளையடிக்கும். இதெல்லாம் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். பாட்டிலின் பின்புறத்தை ஒரு நாளாவது படித்தாளா?

மற்ற பதினோரு கார்களுக்கு ஒரு பூச்சு. அப்பாவின் காருக்கு மட்டும் இரண்டு. அப்பா வண்டியாயிற்றே.

ஓடிப்போய் மருந்துக்கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி வந்தாள். பேட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரைச் சரிபாதி கலந்தாள். பாலிஷ் படாத புதுத் துணி இரண்டு. டேஷ்போர்டில் சொட்டிவிடாமல் துணியில் நனைத்து, கண்ணாடியை மேலிருந்து கீழே இழுத்தாள். துணி மஞ்சளித்தது. அது காய்வதற்குள் இரண்டாவது துணியால் உலரத் துடைத்தாள். துணியை மடித்து மடித்து ஒவ்வொரு இழுப்புக்கும் புது முகம். ஒரே முகத்தால் தேய்த்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. பிறகு குறுக்குவாட்டில் இன்னொரு சுற்று. டேஷ்போர்டும் கண்ணாடியும் சேரும் இடுக்குக்கு உள்ளங்கை நுழையாது. புறங்கையைக் கீழே வைத்துத் துணியைத் தள்ளினாள். ஸ்பீடு முள்ளின் மேல்மூடி பிளாஸ்டிக், ஆல்கஹால் பட்டால் வெடிப்பு விடலாம். அதற்கு ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, அழுத்தாத கை.

முன்கண்ணாடியில் பாதியை மட்டும் முடித்துவிட்டு நிறுத்தினாள். ஓட்டுநர் பக்கத்துப் பாதி அப்படியே இருந்தது.

"சார், ஒரு நிமிஷம் இதுல உட்காருங்க."

"எனக்கு வேற வேலை இல்லைன்னு நெனச்சியா?"

"உட்காருங்க சார். உங்க கண்ணுக்கு இன்னும் ஐம்பத்தாறு ஆகலை இல்ல?"

முறைத்துக்கொண்டே ஏறியவர், முகத்தைச் சுருக்கினார். பக்கத்து இருக்கைப் பக்கமாகச் சாய்ந்தார். திரும்ப நிமிர்ந்தார்.

"யாரு துடைச்ச கண்ணாடி இது?"

"நான்தான். நீங்க வாங்கிக் குடுத்த பாலிஷால. பன்னிரண்டு வண்டியும் இப்படித்தான் ஓடுது."

"பன்னிரண்டு எல்லாம் பேசாத. உங்கப்பா பேரு பட்டியல்ல இருக்கணுமா, வேணாமா?"

மேஜைக்குப் போய்ச் சூப்பர்வைசர் எழுதினார். உட்புறத் துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவு. ஓட்டுநர் மேல் தவறில்லை. பணியாளர் இன்றோடு நிறுத்தப்படுகிறார்.

"பாலிஷ் உத்தரவு உங்களோடதுன்னு ஒரு வரி சேருங்க, கையெழுத்துப் போடுறேன்."

"அந்த வரி வந்தா இந்தக் காகிதமே மேல போகாது. கிழிச்சுப் போட்டுடுவேன். வசதி எப்படி?"

காறித் துப்பலாம் போல இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அப்பாவை நினைத்தாள். பேனாவை வாங்கி, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

செய்தி தெரிந்து அப்பா வேகுவேகென்று வந்தபோது, அவள் தன் துணிகளோடு நான்காவது காரின் ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள்.

"கண்ணு நல்லாதான் இருக்காமே எனக்கு! வேலைய விட்டுட்டதா சொல்றாங்க, இங்க என்ன பண்ற?"

"இதுவும் காலைல சூரியனப் பார்த்துதானேப்பா போகும்."

"கண்ணாடில எண்ணெயாமே, யாரு பண்ண வேலை அது?"

"நான்தான்ப்பா. உங்க வண்டிக்கு மட்டும் தினம் ரெண்டு பூச்சு போட்டேன். நல்லா இருக்கட்டும்னு."

அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. தள்ளுவண்டிக்காரர் நின்ற இடத்தை அவர் மனதுக்குள் மறுபடி பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"நர்ஸம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லணும்."

"சொல்றேன்."

அவர் உலர்ந்த துணியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கதவைத் திறந்தார். அவள் ஈரத் துணியால் இழுத்த இடத்தைப் பின்னாலேயே துடைத்து வந்தார். கொட்டகை மூலையில் பாலிஷ் பெட்டி இருந்தது. பாதிக்கு மேல் தீரவில்லை. திங்கட்கிழமை வேறொருத்தி வந்து அதைத் திறப்பாள். இன்னும் எட்டு கார்கள் பாக்கி, வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.