கல்லீரல் வரை வந்த விடை

விடைத்தாள் திருத்தும் முகாமில் எல்லோருக்கும் மடக்கு நாற்காலி. சீஃபுக்கு, அதாவது முதன்மைத் தேர்வாளருக்கு மட்டும் கை வைத்த நாற்காலி, அதன்மேல் ஒரு மெத்தை. எல்லோருக்கும் காகிதக் கோப்பையில் டீ. சீஃபுக்குக் கண்ணாடி டம்ளரில், தட்டு போட்டு மூடி வரும். எல்லோருக்கும் சிவப்பு மை. சீஃபுக்குப் பச்சை.

இதையெல்லாம் வேறு யாரும் கணக்கில் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்த உயிரியல் ஆசிரியர் வைத்திருந்தார். முகாமில் அவருக்கு 'அரை மார்க்' என்று பெயர். ஒரு விடைக்கு இரண்டா மூன்றா என்று யோசித்துக்கொண்டே அவர் குடிக்காமல் ஆறவிட்ட டீயை ஊற்றினால் ஒரு வாளி நிறையும். சர்வீஸில் சீஃபைவிட மூத்தவர். உறவிலும் மூத்தவர். சீஃப் அவருடைய சகலை, மனைவியின் தங்கை வீட்டுக்காரர்.

வீட்டில் "அண்ணே, அண்ணே" என்று தட்டை எடுத்துக் கொடுக்கும் மனிதர், முகாமுக்குள் வந்ததும் "சார்" ஆகிவிடுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "மூணாவது டேபிள் சார்" என்று கூப்பிடுவதுதான் அரை மார்க்கின் வயிற்றில் அடுப்பு மூட்டியது.

முதல் நாள் காலை சீஃப் எழுந்து நின்று திருத்தும் விதிகளைப் படித்தார். படித்தார் என்பதைவிட அரங்கேற்றினார் என்று சொல்வதே நியாயம். முற்றுப்புள்ளி வந்த இடமெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம திருத்துறது தாளை இல்ல நண்பர்களே, எதிர்காலத்தை!" என்று விதிகளில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டார். அரை மார்க் எதையும் கேட்கவில்லை. சகலை எத்தனை முறை கண்ணாடி துடைக்கிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தார். சீஃபும் தான் படித்ததைக் கேட்டாரா என்பது சந்தேகம்தான். தன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அந்தத் தாள் வந்தது.

சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் சர்க்கரை எப்படிக் கட்டுக்குள் வருகிறது என்பது ஐந்து மதிப்பெண் கேள்வி. விடைக்குறிப்பில் ஐந்து படிகள், படிக்கு ஒன்று. சாப்பாட்டுக்குப் பின் குளுக்கோஸ் கூடுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. உடல் செல்கள் குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்தைக் கல்லீரல் கிளைகோஜனாக மாற்றிச் சேமிக்கிறது. குளுக்கோஸ் பழைய அளவுக்குத் திரும்ப, இன்சுலினும் குறைகிறது.

அந்தப் பிள்ளை முதல் மூன்று படிகளையும் பிசிறில்லாமல் எழுதியிருந்தது. நாலாவதைத் தொடங்கி, "மிச்சமுள்ள குளுக்கோஸைக் கல்லீரல்" என்று எழுதியபோது மணி அடித்திருக்கிறது. அதற்குப் பிறகு பேனா ஒரு கோடாக இழுத்துக்கொண்டு ஓரம்வரை போயிருந்தது. கண்காணிப்பாளர் தாளைப் பிடுங்கிய கோடு.

அரை மார்க் யோசித்தார். கல்லீரல் என்ன செய்கிறது என்பதற்குத்தான் மதிப்பெண். கல்லீரல் என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு இல்லை. மூன்று போட்டார். மற்ற விடைகளுக்கு முப்பத்தொன்று. ஆக முப்பத்துநாலு. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஏதோ கிறுக்கல். அதன்மேல் வழக்கம்போலச் சிவப்பில் குறுக்குக் கோடு போட்டுத் தாளை மூடினார்.

ஒரு மதிப்பெண்ணில் தோற்று நிற்கிற தாள் எதுவானாலும் சீஃப் மேசைக்குப் போய் வர வேண்டும். போனது. திரும்பி வந்தபோது மூன்று அடிபட்டு, பக்கத்தில் பச்சையில் ஒரு ஐந்து உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் பச்சைச் சுருக்கொப்பம்.

அரை மார்க் தாளைத் தூக்கிக்கொண்டு சீஃப் மேசைக்கு நடந்தார். நடையில் துக்கம் இல்லை.

"சீஃப் சார், இந்த அஞ்சு எப்படி வந்துச்சு?"

"வாங்க சார். முதல் மூணையும் இவ்வளவு சுத்தமா எழுதின பிள்ளைக்கு மீதி ரெண்டும் தெரியாமயா இருக்கும்? நேரம் இல்ல, பாவம். அந்தக் கல்லீரல்ங்கிற வார்த்தையில எனக்கு அந்தப் பிள்ளையோட மனசே தெரியுது."

"கல்லீரல்ல மனசு தெரியுதா?"

அறையில் இரண்டு பேர் இருமினார்கள்.

"எழுதியிருக்கும்னு மார்க் போடலாம்னா, பரீட்சைக்கே வராத பிள்ளைக்கும் போடலாமே சார்? வந்திருந்தா எழுதியிருக்கும்."

"சட்டம் பேசாதீங்க சார். கருணைன்னு ஒண்ணு இருக்கு."

"விடைக்குறிப்புல அது எத்தனாவது படி?"

சீஃப் கண்ணாடியைத் துடைத்தார்.

முகாமில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரே விடைக்கு இருவர் போட்டதில் ஒரு மதிப்பெண் வித்தியாசம் என்றால் அறைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம். இரண்டு என்றால் முகாம் அதிகாரி அம்மாவிடம் போகலாம். எழுதாத விடைக்கு மதிப்பெண் கொடுத்தார் என்று அந்த அம்மா குறித்துவிட்டால், அடுத்த ஆண்டு சீஃப் பதவி சகலைக்கு இல்லை. அடுத்த ஆள் யார்? சர்வீஸில் மூத்தவர் யார்? அரை மார்க் மெத்தையைப் பார்த்தார். பச்சைப் பேனாவைப் பார்த்தார். தட்டு மூடிய டம்ளரையும் பார்த்தார்.

புகார் என்றால் ஓட்டை இருக்கக் கூடாது. தன் மேசைக்குத் திரும்பி, முதன்முறையாக அந்தத் தாளை எழுத்து எழுத்தாகப் படித்தார். விடைத்தாளை அத்தனை அக்கறையோடு படிக்க வைக்கிற சக்தி பொறாமைக்கு உண்டு. கூடவே விதிகளின் நகலையும் எடுத்து வைத்துக்கொண்டார். 'எழுதப்பட்டதற்கு மட்டுமே மதிப்பெண்' என்ற வரியின்கீழ் ஆனந்தமாகக் கோடு போட்டார். அதற்கு அடுத்த வரி: 'விடை முடியாமல் நின்றிருந்தால், மாணவர் தாமே அடித்துவிடாத முன்குறிப்பு தாளில் எங்கிருந்தாலும் அதையும் மதிப்பிட வேண்டும்.'

முன்குறிப்பா? கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

அவருடைய சிவப்புக் கோட்டுக்கு அடியில், கேள்வி எண்ணோடு, பொடி எழுத்தில் இருந்தது. சாப்பாடு, அம்புக்குறி, குளுக்கோஸ் கூடும், அம்புக்குறி, கணையம் இன்சுலின், அம்புக்குறி, செல் எடுக்கும், அம்புக்குறி, கல்லீரல் கிளைகோஜனாச் சேமிக்கும், அம்புக்குறி. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. கடைசி அம்பு வெறும் காகிதத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

நாலாவது படி இருக்கிறது. ஐந்தாவது இல்லை. நாலு மதிப்பெண். மொத்தம் முப்பத்தைந்து.

அரை மார்க் கணக்குப் போட்டார். நாலு என்று ஒப்புக்கொண்டால் சகலை போட்டதோடு ஒன்றுதான் வித்தியாசம், புகார் போச்சு. அதோடு, பிள்ளை எழுதியதைப் படிக்காமலே கோடு கிழித்த பெரிய மனிதர் யார் என்பதற்குச் சிவப்பில் சாட்சி. வாயை மூடிக்கொண்டு மூன்று என்றே நின்றால் நாற்காலி கிடைக்கும். பிள்ளை மட்டும் தோற்கும். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, தாளின் தலைப்பே கிழிக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கடைசி அம்பு மட்டும் அவரை விடவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் பக்கத்தின் கீழே பச்சைச் சுருக்கொப்பம் கண்ணில் பட்டது. சகலையும் இந்தப் பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்! நாலு சரி என்றால் ஐந்து தப்பு. மூன்று தப்பாகப் போனாலும் ஐந்தும் தப்பாகப் போகும். தாளில் இருந்தது இன்னும் மூன்றும் ஐந்தும்தான், அதிகாரியிடம் போக அது போதும். இந்த நினைப்பு கொடுத்த தெம்பில்தான் அவர் எழுந்தார். மனசாட்சியும் கூட வந்தது. கொஞ்சம் பின்னால்.

முகாம் அதிகாரி அம்மா தாளை வாங்கிப் பார்த்தார்.

"இந்தச் சிவப்புக் கோடு?"

"என்னுது மேடம்."

"பச்சைக் கையெழுத்து?"

"சீஃபோடது மேடம்." இதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் சர்க்கரை கூடியிருந்தது.

சீஃப் வரவழைக்கப்பட்டார்.

"ஒருத்தர் எழுதினதுக்குக் கொடுக்கல. ஒருத்தர் எழுதாததுக்குக் கொடுத்திருக்கீங்க. படிச்சுப் பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்ல. அந்தப் பிள்ளைக்குத்தான் நேரம் போதலன்னு நெனச்சேன்." நாலு என்று எழுதி இருவரிடமும் நீட்டினார். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. இதை எடுத்துட்டு வந்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"அதுக்காகத்தான் ரெண்டு பேரையும் சும்மா விடுறேன்."

இரண்டு பேரையும்! சகலையைக் காப்பாற்றியதும் தான்தான் என்பது புரிய அரை மார்க்குக்கு வராந்தா முழுவதும் நடக்க வேண்டியிருந்தது.

அறைக்குள் நுழைந்ததும் சீஃப் கையைத் தட்டினார். "நண்பர்களே, ஒரு நிமிஷம். இன்னைக்கு மூணாவது டேபிள் சார், இல்ல, எங்க அண்ணன், என் தப்பை எனக்கே எடுத்துக் காட்டினார். இந்த மாதிரி கண்ணு இருக்கிறவர்கிட்ட நான் கத்துக்கணும்."

அறை கைதட்டியது. யாருக்கு? சீஃபுக்கு. "எவ்வளவு அடக்கம் பாருங்க" என்றார் பக்கத்து மேசைக்காரர், அரை மார்க்கின் காதிலேயே. கண்டுபிடித்தது ஒருவர், பாராட்டியே பேர் வாங்கியது இன்னொருவர்.

டீ வந்தது. சீஃப் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு மூன்றாவது மேசைக்கே வந்தார். "குடிங்கண்ணே. இன்னைக்கு இது உங்களுக்கு."

இத்தனை நாள் ஏங்கிய டம்ளர். அரை மார்க் தட்டை எடுத்துவிட்டு ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"சர்க்கரையே இல்ல?"

சீஃப் குனிந்து காதருகே வந்தார். "எனக்குச் சுகர் அண்ணே. அதான் தனி டம்ளர். அந்தக் கேள்வியப் பார்த்ததுமே என்னவோ ஆயிடுச்சு, அஞ்சு போட்டுட்டேன். வீட்ல இன்னும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க."

சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைக்கும்போதே மனைவி தொடங்கிவிட்டாள். "தங்கச்சி போன் பண்ணினா. எல்லார் முன்னாடியும் உங்களைத் தூக்கி வச்சுப் பேசினாராமே அவரு! அவ்வளவு பெரிய பதவியில இருந்துக்கிட்டு என்ன மனசு பாருங்க. நீங்க ஒரு நாளாவது அவரைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கீங்களா?"

அரை மார்க்குக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "உன் தங்கச்சி வீட்டுக்காரருக்கு..."

நின்றுவிட்டார்.

"அவருக்கு?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டுவதற்கு வேண்டியதைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

"புரியுது போங்க," என்றாள் மனைவி, குரல் இளகி. "அவருக்கு நல்ல மனசுன்னுதானே சொல்ல வந்தீங்க? வாய் வரல, அவ்வளவுதான். நீங்களும் ஒண்ணும் கெட்டவரில்ல."

டீ போட்டுக்கொண்டு வந்தாள். கண்ணாடி டம்ளரில், இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு. எழுதாத விடைக்கு மதிப்பெண் இல்லை என்று காலையில் பேசிய சட்டமெல்லாம் அரை மார்க்குக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் வேறெதற்கும் வாயைத் திறக்காமல் குடித்தார்.