புகைக்கு ஓர் எண்

கஸ்தூரியின் பழைய லோரிக்கு ரோட்டெக்ஸ் என்ற சாலை வரி இன்றோடு முடிகிறது. லைசென்ஸ், வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்ட், புதிய இன்சூரன்ஸ் எல்லாம் பையில் இருந்தன. சோதனையில் புகை மட்டும் தேற வேண்டும். தேறாவிட்டால் நாளை பெக்கான் நானாஸ் ஊரில் அன்னாசி ஏற்ற முடியாது.

சோதனை நிலைய ஊழியர் காளிதாஸ் புகைக்குழாயில் ஒரு குழலைச் செருகினார்.

"நல்லா மிதிங்கக்கா."

"லோரி கிழவன்லா அண்ணே, இருமுவான்."

"இருமட்டும், மெஷின் கேக்கும்."

அவள் மிதித்தாள். எஞ்சின் அலறியது. திரையில் எண் ஏறி, சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே நின்றது. மூன்று முறையும் அப்படித்தான்.

"பாஸ். ரோட்டெக்ஸ் எடுத்துக்கலாம்."

இருபது வருடம் பக்கக் கண்ணாடியில் பார்த்த புகையை ஓர் எண்ணாகப் பார்த்தபடி, கஸ்தூரி இறங்க மறந்து உட்கார்ந்திருந்தாள்.