பஞ்சுப் படுக்கையில் ஒரு போன்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தமிழ்மொழிக்கு, ஒரு நாளைக்கு இருபது போட்டோவாவது வாட்ஸ்அப்பில் வந்து விழும். உடைந்த போனைப் படம் எடுத்து அனுப்பி, "எவ்ளோ ஆகும்?" என்று கேட்பவர்கள்தான் எல்லாரும். கையில் வாங்கிப் பார்க்காமலே சொல்ல அவள் என்ன குறி சொல்பவளா?

அன்று மத்தியானம் வந்த படம் வேப்பந்தட்டைப் பக்கத்து மணிவேலுடையது. அவருடைய மனைவி அம்மாக்கண்ணுவின் போனிலிருந்து அனுப்பியிருந்தார். 'கை தவறி விழுந்துருச்சு. இன்சூரன்ஸ் இருக்கு. டிஸ்ப்ளே மட்டும்தானே?' என்று கீழே எழுதியிருந்தது.

தமிழ்மொழி படத்தைப் பெரிதாக்கினாள். கீழே விழுந்த கண்ணாடியில் அடிபட்ட இடம் ஒன்று இருக்கும். விரிசல்கள் அங்கிருந்துதான் கிளம்பும். இதில் அப்படி எதுவும் இல்லை. நடுவில் குறுக்கே ஒரே கோடு. ஓரத்தில் கண்ணாடி சட்டத்தை விட்டு மேலே எழும்பியிருந்தது. மேலே இரண்டு ரப்பர் பேண்டு வேறு. சார்ஜர் வயர் சொருகியபடியே இருந்தது. போனுக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்ததை முதலில் துணி என்று நினைத்தாள். துணியில்லை, பருத்தி. வீட்டுக்குள் சுவர் உயரத்துக்குக் குவித்த, இன்னும் எடை போடாத பருத்தி.

உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. போன வருடம் இதே மாதிரி உப்பிய பேட்டரி ஒன்று அவள் மேஜையிலேயே சீறி எரிந்தது. மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

உடனே கூப்பிட்டாள்.

"அண்ணே, சார்ஜரைப் பிடுங்குங்க. அது டிஸ்ப்ளே கம்ப்ளெய்ன்ட் இல்ல. பேட்டரி உப்பிக் கண்ணாடியத் தள்ளுது."

"இன்சூரன்ஸ்காரரு நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போறாரும்மா. போனு ஆன்ல இருக்கணும், யாரும் பிரிக்கக் கூடாதுன்னாரு. கண்ணாடி இன்னும் சிதறிரக் கூடாதுன்னுதான் பஞ்சு மேல பதமா வச்சிருக்கேன்."

நல்ல பதம்! நெருப்புக்குப் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறார் மனுஷன்.

"பத்திக்கிட்டா வூடே போயிரும்ண்ணே. ரப்பர் பேண்டு போட்டு அமுக்குறது அதைவிட மோசம்."

"நீ பயமுறுத்துறதே உன் கடைக்கு வரவைக்கத்தானே?"

"என் கடைக்கு வரவே வேணாம். கம்பெனி சென்டருக்கே போங்க. இப்ப அதை வெளிய எடுங்க, அது போதும்."

போனை வைத்துவிட்டார். மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. ஐந்து தடவை அடித்தாள். கடையில் நின்ற ஆளை 'பிறகு வாங்க' என்று அனுப்பிவிட்டாள். விடுவதாக இல்லை. அது அம்மாக்கண்ணுவின் போன்தானே? குரல் செய்தி ஒன்று பேசி அனுப்பினாள்.

"அக்கா, பருத்தி மேல இருக்குற போனு தீப்பிடிக்கும். மொதல்ல செவுத்து சுவிட்சை அணைங்க. புகை வந்தா கிட்டப் போவாம எல்லாரும் வெளிய வந்துருங்க. புகை இல்லன்னா அமுக்காம, தோசைக்கரண்டியால தள்ளி, மணல் போட்ட இரும்புச் சட்டியில எடுத்துக் களத்துல கொண்டு போயி வைங்க. வைக்கப்போர் பக்கம் வேணாம்."

மூன்று நிமிடம் கழித்து வீடியோ அழைப்பு வந்தது. அம்மாக்கண்ணு சட்டியோடு வெற்றுக் களத்தில் நின்றாள். "லேசா சூடுதான், புகையில்ல. வச்சிட்டேன்." பின்னால் மணிவேல் கத்திக்கொண்டே வந்தார். "இன்சூரன்ஸே போச்சு! மண்ணுல போட்டுட்டியே!"

"ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. எடுக்கப் போவாதீங்க," என்று தமிழ்மொழி போனுக்குள்ளிருந்தே அதட்டினாள்.

அவர் எடுக்கக் குனியப் போனார். அம்மாக்கண்ணு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அடுத்த கணம் சட்டியிலிருந்து சீற்றம் கேட்டது. வெள்ளைப் புகை கிளம்பியது. அதன் பின்னால் முழ உயரத்துக்குத் தீ. திரையில் படம் ஆடியது. அதற்குப் பிறகு வெறும் மூச்சுச் சத்தம்தான்.

"யாருக்கும் ஒண்ணுமில்லையே? புகையச் சுவாசிக்காதீங்க. ஆறுற வரைக்கும் தொடாதீங்க."

மணிவேல்தான் பேசினார். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"அது கீழ விழவே இல்லம்மா. காலையில எந்திரிச்சுப் பாத்தேன், கண்ணாடி தூக்கிக்கிட்டு நின்னுச்சு. விழுந்து உடைஞ்சாத்தான் இன்சூரன்ஸ் குடுப்பாங்கன்னு நான்தான் அப்படி எழுதுனேன்."

"தெரியும்ண்ணே. போட்டோவுலயே தெரிஞ்சுது."

"இப்ப ஃபாரத்துல என்னன்னு எழுதுறது?"

"நடந்ததையே எழுதுங்க."

"அப்ப குடுக்க மாட்டாங்களே?"

"இன்சூரன்ஸ் குடுக்காது. கம்பெனி பாக்குமான்னு கேட்டுப் பாருங்க. அதுவும் உறுதியில்ல."

அவர் திரும்பிப் பார்த்தார். கதவு திறந்திருந்தது, உள்ளே பருத்தி வெள்ளையாகக் குவிந்து கிடந்தது.

"குடுக்காட்டிப் போவுது," என்றார். "உள்ளாற என் பேத்தி தூங்குறாம்மா."